கேமரா சொல்லும் நேரம்

பிரிட்டனில் தனியார் வாகன நிறுத்துமிடம் அனுப்பும் அபராதச் சீட்டு அரசுத் தண்டனை அல்ல. ஒப்பந்தத்தை மீறியதாகக் கூறிப் பணம் கேட்கும் கோரிக்கை. அறிவிப்புப் பலகைதான் அந்த ஒப்பந்தம். 2015இல் உச்ச நீதிமன்றம் 85 பவுண்டு கட்டணத்தை ஏற்றபோது, பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்ததைக் கருத்தில் கொண்டது. எனவே மங்கிய, மரம் மறைத்த பலகையை ஓட்டுநர் பார்க்கும் தூரத்திலிருந்து படமெடுங்கள்.

அடுத்தது நேரம். 2 மணி நேரம் அனுமதி உள்ள இடத்தில் கேமரா 2:03 நுழைவு, 4:12 வெளியேற்றம் என்று காட்டுகிறது என்போம். கூடுதல் 9 நிமிடம்தான். துறையின் நடத்தை விதி இறுதியில் 10 நிமிடச் சலுகை தருகிறது. அதைச் சுட்டி நிறுவனத்திடம் முறையிடுங்கள். மறுத்தால், அது சேர்ந்துள்ள சங்கத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம். அதுவரை பணம் கட்டாதீர்கள். கட்டினால் வழக்கு முடிந்துவிடும்.