கோலிக்கு விருது, பும்ராவுக்குக் கைதட்டல்

2024 ஜூன் 29, பார்படாஸ். டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும். கையில் ஆறு விக்கெட். அங்கிருந்து பும்ரா வீசிய இரண்டு ஓவர்களில் அவர் கொடுத்தது ஆறே ரன். நான்கு ஓவருக்கு மொத்தம் 18 ரன், 2 விக்கெட். இந்தியா 7 ரன்னில் வென்றது. ஆட்டநாயகன் விருதோ 59 பந்தில் 76 எடுத்த கோலிக்குப் போனது. என்னைக் கேட்டால் பும்ராவுக்குத்தான் கொடுத்திருப்பேன். ஆனால் பந்தய நிறுவனங்களுக்கு இதில் வியப்பேதும் இருந்திருக்காது.

பிரிட்டன் போல இது சட்டப்படி நடக்கும் நாடுகளில், இரண்டு அணிகளின் 22 பேருக்கும் ஆட்டத்துக்கு முன்பே ஆளுக்கொரு விலை போடுவார்கள். விலை 9 என்றால், ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் கட்டியதும் சேர்த்து ஒன்பது திரும்பி வரும். விலை குறைந்தால் வாய்ப்பு அதிகம் என்று பொருள். பட்டியலின் மேலே பெரும்பாலும் தொடக்க வீரர்களும் மூன்றாம் வரிசைக்காரரும்தான் இருப்பார்கள்.

காரணம் பந்துக் கணக்கு. டி20-யில் எந்தப் பந்துவீச்சாளருக்கும் 24 பந்துக்கு மேல் கிடையாது. தொடக்க வீரர் நின்றுவிட்டால் அறுபது பந்து அவருக்கே. ஏழாவதாக வருபவருக்கு மட்டையைத் தொடும் வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். போதாக்குறைக்கு, விருதை முடிவு செய்வது பெரும்பாலும் வர்ணனையாளர்கள். அதுவும் ஆட்டம் முடிகிற அவசரத்தில். அப்போது ஸ்கோர்போர்டில் 76 பளிச்சென்று தெரியும். கொடுக்காமல் தடுத்த ரன்னுக்கு அங்கே தனிக் கட்டம் இல்லை.

விருது பெரும்பாலும் ஜெயித்த அணிக்கே போவதால் விலை இரண்டு படிகளில் உருவாகிறது. ஓர் அணி வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம், வென்றால் அதன் தொடக்க வீரர் விருது பெறும் வாய்ப்பு 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ஏறக்குறைய 9 சதவீதம். நியாயமான விலை 11. நிறுவனம் தருவதோ 9 ஆக இருக்கும். அந்த இடைவெளிதான் அதன் லாபம். 22 பேரின் விலையையும் சதவீதமாக்கிக் கூட்டிப் பாருங்கள், நூறைத் தாராளமாகத் தாண்டும். ரசிகர்கள் அள்ளிக் கொட்டும் நட்சத்திரப் பெயர்களின் விலை இன்னும் குறையும். (இந்தியாவில் பணம் கட்டி விளையாடும் இணைய ஆட்டங்களை 2025-இல் நாடாளுமன்றம் தடை செய்துவிட்டது.)

இந்தச் சாய்வு தவறிப்போவது ஆடுகளம் மாறும்போது. அதே உலகக் கோப்பையில், ஜூன் 9 அன்று, பந்து தாறுமாறாக எழும்பிய நியூயார்க் களத்தில் இந்தியா 119-க்குச் சுருண்டது. பாகிஸ்தானால் அதைக்கூட எட்ட முடியவில்லை. இரண்டு பக்கமும் ஒருவரும் அரைசதம் அடிக்கவில்லை. 14 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்த பும்ராதான் அன்று ஆட்டநாயகன்.