ஒரு சிறு கோடு

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் 5ஆம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியக் கையெழுத்துப்படி இருக்கிறது. அதில் 1 தீமோத்தேயு 3:16இல் ஒரு வட்டத்துக்குள் சிறு கோடு தெரிகிறது. அந்தக் கோட்டுக்காகவே அறிஞர்கள் பல தலைமுறைகளாக வாதாடியிருக்கிறார்கள்.

கிரேக்கத்தில் 'எவர்' என்பது 'ஹொஸ்'. ஓமிக்ரான், சிக்மா என இரண்டே எழுத்து. 'தேவன்' என்பது 'தியோஸ்'. புனிதப் பெயர்களை எழுத்தர்கள் சுருக்கி எழுதி மேலே கோடு இழுப்பார்கள். அப்படிச் சுருக்கினால் தீட்டா, சிக்மா மட்டுமே மிஞ்சும். வெறும் வட்டம் ஓமிக்ரான். நடுவில் கோடு விழுந்தால் தீட்டா. ஆக, இரண்டு கோடுகளில் 'எவர்' என்பது 'தேவன்' ஆகிவிடும்.

எது மூலம்? படிகளை எண்ணிப் பார்த்தால் 'தேவன்' வெல்லும். ஆனால் அவற்றில் மிகப் பல பிற்காலத்தவை. 4ஆம் நூற்றாண்டின் சினாய் படியில் முதலில் எழுதியது 'எவர்'. பின்னால் திருத்தியவர் வரிக்கு மேலே எழுத்துகளைச் சேர்த்திருக்கிறார். அலெக்சாந்திரியப் படியிலும் இன்று தெரியும் கோடுகள் பிற்கால மையில் போட்டவை.

மூன்றாவது பாடமும் உண்டு. லத்தீன் மரபில் 'எது' என்றிருக்கிறது. இங்கேதான் ஆய்வாளரின் கேள்வி கூர்மையாகிறது: மற்றவை பிறக்கக் காரணமான பாடம் எது? 'எவர்' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பது 'இரகசியம்', அஃறிணைச் சொல். இலக்கணம் இடறுகிறதே என்று ஒருவர் 'எது' ஆக்கியிருக்கலாம். எழுவாய் தேடிய இன்னொருவர் 'தேவன்' என்று வாசித்திருக்கலாம். 'தேவன்' என்று தெளிவாக இருந்ததை மங்கலாக்க எழுத்தருக்குக் காரணமே இல்லை. அதனால்தான் இன்றைய கிரேக்கப் பதிப்புகள் 'எவர்' என்கின்றன; பழைய தமிழ் வேதாகமத்திலோ 'தேவன்' நிற்கிறது.