லியரின் கதையில் குளோஸ்டருக்கு என்ன வேலை?

ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தின் கதையை யாரிடம் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். வயதான ராஜா ஒருவர் நாட்டை மூன்று மகள்களுக்கும் பிரித்துக் கொடுக்க நினைக்கிறார். என்மேல் யாருக்குப் பாசம் அதிகம், சொல்லுங்கள் என்கிறார். கோனரிலும் ரீகனும் வாயினிக்கப் பேசி ஆளுக்கொரு பங்கை வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்குட்டி கார்டீலியா மட்டும், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று நின்றுவிடுகிறாள். அவளை விரட்டுகிறார். பாசம் பேசிய இருவரும் அவரைக் கைவிட, புயல் மழையில் வெளியே நின்று புத்தி பேதலிக்கிறார்.

கதை சரிதான். ஆனால் இன்னொரு குடும்பம் விட்டுப்போய்விட்டது. குளோஸ்டர் என்கிற பிரபுவும் அவருடைய இரண்டு மகன்களும். புயலில் லியருக்கு எதிராக மூடப்படும் கதவே குளோஸ்டருடைய கோட்டைக் கதவுதான். இன்னும் சொன்னால், திரை விலகியதும் நம் முன்னால் நிற்பவர் லியர் அல்ல, குளோஸ்டர். முறை தவறிப் பிறந்த மகன் எட்மண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவன் பிறந்த விதத்தைப் பற்றி நண்பரிடம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். எட்மண்ட் அதைக் கேட்டுக்கொண்டு பணிவாக நிற்கிறான். ராஜா அதற்குப் பிறகுதான் வருகிறார்.

இந்தக் கிளைக்கதை லியர் கதையோடு ஒட்டிப் பிறந்ததல்ல. ஷேக்ஸ்பியருக்கு முன்பே ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு பழைய லியர் நாடகம் மேடையில் இருந்தது. 1605இல் அச்சாகியும் வந்தது. அதில் குளோஸ்டர் கிடையாது. கடைசியில் ராஜாவுக்கு நாடு திரும்பக் கிடைக்கிறது, நல்ல மகளும் உயிரோடு இருக்கிறாள். குளோஸ்டர் வந்தது வேறு இடத்திலிருந்து. பிலிப் சிட்னி எழுதி, அவர் இறந்தபின் 1590இல் வெளியான ‘ஆர்க்கேடியா’ என்ற உரைநடைக் காவியத்தில் பாஃப்லகோனியா நாட்டு அரசன் ஒருவன் வருகிறான். கள்ள மகனை நம்பி நல்ல மகனை அழிக்கப் பார்த்தவன். அந்தக் கள்ள மகனாலேயே கண்ணிழந்தவன். தனித்தனியாகக் கிடந்த இந்த இரண்டு கதைகளையும் ஷேக்ஸ்பியர் ஒரே நாடகத்துக்குள் கொண்டுவந்தார். 1606 டிசம்பர் 26 அன்று அரசர் ஜேம்ஸ் முன்னிலையில் அந்த நாடகம் நடந்தது. கதையோடு சேராமல் தனியாக எடுத்து நடுவே செருகும் காமெடி ட்ராக்கை நம் சினிமாவில் நிறையப் பார்த்தவர்களுக்கு, இவர் எப்படிச் சேர்த்தார் என்று பார்ப்பது சுவாரசியமாகவே இருக்கும்.

முதல் காட்சியில் கார்டீலியா ஒன்றுமில்லை என்று சொல்லி எல்லாவற்றையும் இழக்கிறாள். அடுத்த காட்சியில் எட்மண்ட் கையில் ஒரு கடிதம். அப்பாவைக் கொன்று சொத்தைப் பிரித்துக்கொள்வோம் என்று அண்ணன் எட்கர் எழுதியதுபோல அவனே எழுதிய பொய்க் கடிதம். அப்பா வருவதைப் பார்த்ததும், அவர் கண்ணில் படும்படியாகவே அதை ஒளிக்கிறான். என்ன படிக்கிறாய் என்கிறார் குளோஸ்டர். ஒன்றுமில்லை என்கிறான் மகன். கார்டீலியா உண்மையாகச் சொன்ன அதே பதிலை இவன் பொய்யாகச் சொல்கிறான். அந்தப் பதிலுக்கு லியர் மகளைத் துரத்தினார். இதே பதிலுக்குக் குளோஸ்டர் மகனை நம்புகிறார். எட்கர் உயிருக்குப் பயந்து ஓடிப்போய், பைத்தியக்காரப் பிச்சைக்காரன் வேஷத்தில் ஒளிகிறான். இரண்டு வீட்டிலும் நல்ல பிள்ளை வெளியே, கெட்ட பிள்ளை உள்ளே.

இதோடு நின்றிருந்தால் ஒரே பாடத்தை இரண்டு முறை படித்த அலுப்புத்தான் மிஞ்சியிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டு விமர்சகர் ஜோசஃப் வார்ட்டன் இந்தக் கிளைக்கதை நாடகத்தின் எளிமையைக் கெடுக்கிறது என்று குறைபட்டார். ஏ. சி. பிராட்லிகூட 1904இல் எழுதிய புத்தகத்தில், மேடையில் இது ஒரு சுமைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு வீட்டு வினை உலகத்து வினையாகத் தெரிவது இதனால்தான் என்றும் சொன்னார். ஒரே மாதிரி இருப்பதை மட்டும் பார்த்தால் பிராட்லி சொன்னதுவரை போகலாம். என் கணக்கில் விஷயம் வேறுபாடுகளில்தான் இருக்கிறது. இரண்டு கதையும் இவ்வளவு ஒத்திருப்பதால்தான், எங்கே பிரிகின்றன என்பது கண்ணில் குத்துகிறது.

மூன்றாம் அங்கத்தைப் பாருங்கள். புயலுக்கு ஒதுங்கிய இடத்தில் லியர் தன் மகள்கள்மேல் வழக்கு நடத்துகிறார். மகள்கள் அங்கே இல்லை. ஒரு முக்காலியைக் கோனரில் என்று எண்ணிக் கேள்வி கேட்கிறார். பிச்சைக்கார வேஷத்து எட்கரும் விதூஷகனும்தான் நீதிபதிகள். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. உடனே அடுத்த காட்சியில் இன்னொரு விசாரணை. ராஜாவுக்கு உதவிய குற்றத்துக்காகக் குளோஸ்டரை அவர் வீட்டு நாற்காலியிலேயே கட்டிவைத்து, ரீகனும் அவள் கணவன் கார்ன்வாலும் விசாரிக்கிறார்கள். காட்டிக்கொடுத்தவன் எட்மண்ட். கார்ன்வால் ஒரு கண்ணைப் பிடுங்குகிறான். பொறுக்க முடியாத வேலைக்காரன் ஒருவன் எஜமானன்மேலேயே கத்தி வீசி, அவனைக் காயப்படுத்திவிட்டுச் செத்துப்போகிறான். பிறகு இன்னொரு கண்ணும் போகிறது. பைத்தியம் நடத்திய விசாரணையில் நியாயம் இருந்தது, அதிகாரம் இல்லை. புத்தி தெளிவானவர்கள் நடத்தியதில் அதிகாரம் மட்டும்தான் இருந்தது. 1608இல் வந்த முதல் பதிப்பில் அந்த முக்காலி விசாரணை உண்டு. 1623 தொகுப்பில் இல்லை. அதை எடுத்துவிட்டு நடத்தினால் கண் பிடுங்கும் காட்சி வெறும் கொடூரமாகத்தான் வந்துபோகும்.

லியர் இழந்தது புத்தி, குளோஸ்டர் இழந்தது கண். மேடைக்கு இது பெரிய வசதி. ஒருவர் மனசுக்குள் உடைவதை நடிகர் என்னதான் நடித்தாலும் பார்க்கிறவர்கள் ஊகிக்கத்தான் வேண்டும். கண்ணில்லாமல் ரத்தம் வடிய நடப்பவரை ஊகிக்க வேண்டியதில்லை. இதில் இன்னொரு நடைமுறை லாபமும் உண்டு. புயலில் தொண்டை கிழியக் கத்திய லியர் நடிகர், அதற்குப்பின் பல காட்சிகளுக்கு மேடையிலேயே இல்லை. அந்த நேரமெல்லாம் குளோஸ்டர் கதைதான் நாடகத்தைச் சுமக்கிறது.

சிட்னி கதையில் குருட்டு அரசன், பாறை உச்சிக்குக் கூட்டிப்போ, விழுந்து சாகிறேன் என்று மகனைக் கேட்பான். மகன் மறுத்துவிடுவான், அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரின் எட்கர் சரி என்று கூட்டிப்போகிறான். தான் மகன் என்று சொல்லாமல், சமதரையில் நிறுத்தி, டோவர் செங்குத்துப் பாறை விளிம்பில் நிற்பதாக நம்பவைக்கிறான். கீழே தெரிவதாக ஒரு பாதாளத்தையே வர்ணிக்கிறான். குளோஸ்டர் குதிக்கிறார், தரையிலேயே குப்புற விழுகிறார். எட்கர் குரலை மாற்றிக்கொண்டு ஓடிவந்து, இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்திருக்கிறீர்களே என்கிறான். தெய்வம் காப்பாற்றியது என்று நம்பிக் கிழவர் உயிர்வாழச் சம்மதிக்கிறார். அப்பாவின் சந்தோஷத்துக்காகக்கூடப் பொய் சொல்லமாட்டேன் என்றவள் கார்டீலியா. அப்பாவின் உயிருக்காக இவன் பொய்க்குமேல் பொய் சொல்கிறான்.

சரியாக அந்த நேரத்தில் காட்டுப்பூக்களைச் சூடிக்கொண்டு லியர் வருகிறார். இரண்டு அப்பாக்களும் நேருக்கு நேர். அங்கே லியர் பேச்சுவாக்கில் ஒன்று சொல்கிறார்: முறையாகப் பிறந்த என் மகள்களைவிடக் குளோஸ்டரின் கள்ள மகன் அப்பாவிடம் பாசமாக இருந்தான் என்று. எதிரே கண்ணில்லாமல் நிற்பவரின் நிலைக்கு அந்தக் கள்ள மகன்தான் காரணம். அது நமக்குத் தெரியும், குளோஸ்டருக்கும் இப்போது தெரியும். லியருக்கு மட்டும் தெரியாது. தன் கதையின் கண்ணாடி முன்னாலேயே நின்றும் அதைத் தப்பாகவே படிக்கிறார்.

கடைசிக் காட்சியில்தான் கிளைக்கதை தன் உண்மையான வேலையைக் காட்டுகிறது. போரில் எட்மண்ட் ஜெயித்துவிட்டான். லியரையும் கார்டீலியாவையும் சிறைக்கு அனுப்பி, கொல்லச் சொல்லி ரகசியச் சீட்டும் கொடுத்துவிட்டான். அதற்குப்பின் மேடை முழுக்கக் குளோஸ்டர் குடும்பத்துக்குத்தான். எக்காளம் மூன்று முறை ஊதுகிறது. முகம் மூடிய வீரன் வந்து எட்மண்டை வாள்சண்டையில் வீழ்த்துகிறான். அவன் எட்கர். தெய்வங்கள் நியாயமானவை, அப்பா செய்த தப்புக்குக் கண்ணைக் கொடுத்தார் என்று கணக்கைத் தீர்க்கிறான். பிறகு, தான் யார் என்று அப்பாவிடம் சொன்னதையும், துக்கமும் சந்தோஷமும் ஒன்றாகத் தாங்காமல் அவர் சிரித்தபடியே இதயம் வெடித்து இறந்ததையும் நின்று விவரிக்கிறான். எட்மண்ட் மனம் இளகி, நல்லது செய்யலாமோ என்று தோன்றுகிறது, நீ மேலே சொல் என்கிறான். அந்தச் சீட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கோனரில், ரீகன் இருவரின் சாவுச் செய்தியும் வருகிறது. கடைசியில் கென்ட் வந்து ராஜா எங்கே என்று கேட்டபிறகுதான் எல்லோருக்கும் லியர் நினைவுக்கு வருகிறார். எட்மண்ட் அப்போதுதான் உண்மையைச் சொல்கிறான். ஆள் ஓடுகிறான். அதற்குள் கார்டீலியாவைத் தூக்கிலிட்டாயிற்று.

கிளைக்கதை சுபமாக முடிய எடுத்துக்கொண்ட நேரம்தான் அவள் உயிரைக் குடித்தது. நாமும் அந்த நேரத்தில் எட்கருக்குக் கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தோம், கார்டீலியாவை மறந்துதான் இருந்தோம். அதுமட்டுமல்ல, பாவத்துக்குத் தண்டனை, பொறுமைக்குப் பலன் என்று ஒரு கணக்கைக் குளோஸ்டர் கதை நமக்குப் பழக்கிவிட்டது. அதே கணக்கு இங்கும் நடக்கும் என்று எதிர்பார்க்கும்போதுதான் லியர் மகளின் உடலைச் சுமந்து வருகிறார். குளோஸ்டர் இறந்தபோது மகன் நிஜமாகவே உயிரோடு இருந்தான். லியரோ மகளின் உதட்டில் மூச்சு இருக்கிறதா என்று தேடித்தேடிச் சாகிறார்.

இதை எல்லோராலும் தாங்க முடியவில்லை. கார்டீலியாவின் சாவு தந்த அதிர்ச்சியில், பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டி வரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கத் துணியவில்லை என்று சாமுவேல் ஜான்சன் எழுதினார். அதற்கு முன்பே, 1681இல், நேஹம் டேட் என்பவர் நாடகத்தையே மாற்றி எழுதியிருந்தார். ஷேக்ஸ்பியரில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே வாய்ப்பில்லாத எட்கரையும் கார்டீலியாவையும் காதலர்களாக்கினார். லியரைப் பிழைக்கவைத்தார், குளோஸ்டரையும் பிழைக்கவைத்தார். இரண்டு கதையும் கல்யாணத்தில் ஒன்றாயின, இரண்டும் ஒரே மாதிரி முடிந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்கு ஆங்கில மேடையில் பெரும்பாலும் ஓடியது இந்த லியர்தான். 1838இல் வில்லியம் மக்ரெடி அந்தக் காதலை எடுத்துப் போட்டுவிட்டு, விதூஷகனையும் திரும்ப அழைத்துக்கொண்டு, இரண்டு அப்பாக்களும் சாகிற நாடகத்தை லண்டனில் நடத்தினார்.