ஒரு டி-சர்ட்டுக்கு எத்தனை கிராம், எத்தனை நிமிடம்?

திருப்பூரில் ஒரு டி-சர்ட் ஆர்டருக்கு விலை சொல்வதற்கு முன்பே இரண்டு கணக்குகள் முடிந்திருக்க வேண்டும். ஒரு பீஸுக்குத் துணி எவ்வளவு, தைக்க நேரம் எவ்வளவு. எல்லாம் குறையில்லாமல் நடந்தால் ஆகும் அளவை இங்கே எழுதக் கூடாது. கவனமாக வேலை செய்தாலும் தவிர்க்க முடியாத சேதாரமும், உடலுக்கு வேண்டிய ஓய்வும் உள்ளே இருந்தால்தான் அது நம்பத்தக்க நிர்ணய அளவு.

துணியிலிருந்து தொடங்குவோம். உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 8, ஆக 100. மார்பின் பாதிச் சுற்று 52, தையலுக்கு 3, ஆக 55. முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து 11,000 சதுர செ.மீ., அதாவது 1.1 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் 160 கிராம் எடையுள்ள துணி என்றால் 176 கிராம். கழுத்து, கைக்குழி வளைவுகளில் விழும் துண்டுகள் இந்தச் செவ்வகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கழுத்துப் பட்டிக்கு வேண்டிய ரிப் துணி தனிக் கணக்கு.

இனிமேல்தான் சேதாரம். துணி விரிக்கும்போது இரு முனைகளிலும் மிஞ்சும் பிட்டுகள், ஓட்டை விழுந்து ஒதுக்கும் பாகங்கள் ஆகியவற்றுக்கு 8 சதவீதம் என்று வைப்போம். சாயப்பட்டறையில் 6, நிட்டிங்கில் 1. பலரும் மூன்றையும் கூட்டி 15 சதவீதம் என்று 176-உடன் சேர்த்து, 202.4 கிராம் நூல் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு கட்டத்திலும் இழப்பு உள்ளே போகும் எடையில்தான் ஏற்படுகிறது. ஆகவே 176-ஐ 0.92-ஆலும், வருவதை 0.94-ஆலும், பிறகு 0.99-ஆலும் வகுக்க வேண்டும். கிடைப்பது 205.6 கிராம். 10,000 பீஸுக்கு வித்தியாசம் 32 கிலோ நூல். ஆர்டரின் கடைசியில் சில பீஸ்களுக்குத் துணி போதாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

கட்டிங் மாஸ்டர் அளவை மாற்றி வெட்டியதும், சாயம் ஷேடு மாறி ஒரு ரோலே ஒதுங்கியதும் இந்த 15 சதவீதத்தில் சேராது. அவை தவிர்த்திருக்கக் கூடிய நஷ்டங்கள். தனியே எழுதப்பட வேண்டும். சேர்த்துவிட்டால் அடுத்த ஆர்டரின் விலையிலும் அந்தத் தவறு ஒளிந்துகொள்ளும். வழக்கமான சேதாரத்தின் செலவை நல்ல பீஸ்களே சுமக்கும்; பனியன் வேஸ்ட் விற்று வரும் பணத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

துணி குறைந்தால் உடனே கட்டிங் மேசையைக் குறை சொல்வது வழக்கம். அதற்கு முன் 100 சதுர செ.மீ. வட்டம் ஒன்றை வெட்டி எடை போட்டுப் பாருங்கள். 1.6 கிராமுக்குப் பதில் 1.68 இருந்தால் துணியே 5 சதவீதம் தடிப்பாக வந்திருக்கிறது. வெட்டியவர் மேல் தவறில்லை.

நேரக் கணக்குக்கு வருவோம். ஓவர்லாக்கில் பக்கத் தையல் போடும் ஒரு பெண்ணை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பல பீஸ்களுக்குப் பார்த்ததில், சராசரி அரை நிமிடம். அவர் வேகம் இயல்பான வேகத்தில் 90 சதவீதம் என்று மதிப்பிட்டால், அடிப்படை நேரம் 0.45 நிமிடம். இதில் ஓய்வு இன்னும் சேரவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வு நூலில் உள்ள அட்டவணைப்படி, தண்ணீர், கழிப்பறை போன்ற சொந்தத் தேவைகளுக்குப் பெண்களுக்கு 7 சதவீதம், ஆண்களுக்கு 5. அடிப்படைச் சோர்வுக்கு இருவருக்கும் 4. நூல் அறுவது, ஊசி உடைவது போன்ற மெஷின் தடைகளுக்கு இங்கே 9 என்று கொண்டால் மொத்தம் 20. ஒரு பீஸுக்கு 0.54 நிமிடம். 480 நிமிட ஷிப்டில் 888 பீஸ்.

சலுகையை விட்டுவிட்டு 0.45-ஆல் வகுத்தால் 1,066 வரும். பார்க்க ஆசையாக இருக்கும் டார்கெட்தான். ஆனால் அதை எட்ட வேண்டுமென்றால் நூலே அறாமல் இருக்க வேண்டும். தைப்பவர் நாள் முழுக்க எழுந்திருக்கவே கூடாது. 888-இல் சொந்தத் தேவைக்கும் சோர்வுக்கும் உள்ளது வெறும் 44 நிமிடம். அதைப் பிடுங்கும் டார்கெட் கொடுமையானது. தையல் விட்டுப்போய் ஆல்டரேஷனுக்குத் திரும்பும் பீஸ்களாக அது நிறுவனத்தையும் வந்து சேரும்.

டீ இடைவேளையைப் பொறுத்தவரை ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது 480 நிமிடத்துக்குள் இருந்தால், சோர்வுச் சலுகையில் சேர்ந்ததா, தனியா என்று எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஒரே ஓய்வு இரண்டு முறை கணக்கில் ஏறும், அல்லது ஒரு முறைகூட ஏறாது. லைனில் ஓரிருவர் மட்டும் 888-ஐ எட்டவில்லை என்றால் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். பழகிய டெய்லர்கள் எல்லோருமே எட்டவில்லை என்றால் ஸ்டாப்வாட்சை மறுபடி கையில் எடுக்க வேண்டும்.