இரண்டு மணி நேர பர்மிஷன்

பள்ளியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் 10.30 மணி என்றிருந்தால், அது பெரும்பாலும் நாம் போய்ச் சேரவேண்டிய நேரம்தான். முதல்வர் அறைக்குள் அழைக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம். அலுவலகத்தில் பர்மிஷன் கேட்கும் பலர் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதனால் முதலில் பள்ளியைத்தான் கேட்க வேண்டும்: "காலையில் முதல் ஆளாக வரலாமா?" 9 மணிக்கு நேரம் கிடைத்தால், 9.30-க்குத் தொடங்கும் அலுவலகத்துக்கு நேராகப் பள்ளியிலிருந்தே போய்விடலாம். நடுப்பகலில் கிளம்பித் திரும்பும் அலைச்சல் மிச்சம்.

கடிதம் நான்கு வரி போதும்: "வரும் வியாழக்கிழமை என் மகளின் எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் பெற்றோர் இருவரும் வரவேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். காலை 11.30 வரை பர்மிஷன் தரக் கோருகிறேன். அன்றைய பில்களை முந்தைய மாலையே முடித்துவிடுவேன். தாமதமானால் அரைநாள் விடுப்பாகக் கொள்ளவும்." கடைசி வரியை விடாதீர்கள், மேலாளரின் தயக்கம் அங்கேதான் தீர்கிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. முதல் மீறலுக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனாலும் 'சந்திப்பு' என்ற பெயரில் அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.