திருத்திய பிழை திரும்பி வரும் வழி

2019 மே மாதம் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான ஐ.ஓ.எஸ். 12.3 பதிப்பை வெளியிட்டது. கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவுடன் சேர்ந்து வேலை செய்த நெட் வில்லியம்சன் கண்டுபிடித்துச் சொன்ன ஓர் ஓட்டை அதில் அடைபட்டிருந்தது. ஜூலையில் 12.4 வந்தது. ஆகஸ்டில் பார்த்தால், அடைத்த ஓட்டை புதிய பதிப்பில் மறுபடி திறந்து கிடந்தது. அதன் வழியே ஐபோனின் பூட்டுகளை உடைக்கும் ஜெயில்பிரேக் கருவியே வெளியாகிவிட்டது. ஆகஸ்ட் 26 அன்று 12.4.1 வெளியிட்டு ஆப்பிள் அதை இரண்டாம் முறையாக அடைத்தது. இடைப்பட்ட நாட்களில், 12.3-லேயே நின்றுவிட்ட சோம்பேறிக்கு இந்த ஓட்டையால் ஆபத்தில்லை. ஒழுங்காகச் செய்தவர்தான் மாட்டிக்கொண்டார்.

ஒரே மென்பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வளர்ந்துகொண்டிருந்தால், எந்த அலுவலகத்திலும் இது நடக்கலாம்.

பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் ஒரு செயலி என்று வைத்துக்கொள்வோம். மக்கள் கையில் இருப்பது 4.2. அலுவலகத்தில் 5.0-க்கான வேலை `main` என்ற மையக் கிளையில் பாதியில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ஒரு புகார் வருகிறது: டிக்கெட்டை ரத்து செய்யும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பணம் இரண்டு முறை திரும்பி வருகிறது. பயணிக்கு யோகம், முதலாளிக்கு நஷ்டம். உடனே நிறுத்தியாக வேண்டும். மையக் கிளையில் சரிசெய்து அப்படியே வெளியிட முடியாது; பாதி கட்டிய 5.0-வும் கூடவே தெருவுக்கு வந்துவிடும். அதனால் மக்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பிலிருந்தே ஒரு தனிக் கிளையை வெட்டுகிறார்கள். இதுதான் ஹாட்ஃபிக்ஸ் கிளை.

```
git switch -c hotfix/4.2.1 v4.2.0
```

திருத்தம் இரண்டே வரி. ஏற்கெனவே ரத்தான டிக்கெட் என்றால் திரும்பிப் போ, அவ்வளவுதான்.

```
if booking.status == "CANCELLED":
    return
```

நள்ளிரவுக்குள் 4.2.1 வெளியாகிறது. புகார் முடித்து வைக்கப்படுகிறது, எல்லோரும் தூங்கப் போகிறார்கள். அந்த இரண்டு வரி `main`-இல் இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. சில வாரம் கழித்து 5.0 வெளியாகும் அன்று இரட்டைப் பணம் மறுபடி தொடங்குகிறது.

இதைத் தடுக்கப் பலரும் எடுக்கும் கருவி செர்ரி-பிக். ஒரு கிளையில் இருக்கும் ஒரே ஒரு கமிட்டை மட்டும் பறித்து இன்னொரு கிளையில் வைப்பது.

```
git switch main
git cherry-pick -x 7c1e9ab
```

பறித்து வைப்பது என்று சொன்னாலும், உண்மையில் நடப்பது நகலெடுப்பது. கிட் ஒவ்வொரு கமிட்டுக்கும் கொடுக்கும் அடையாள எண், அதன் உள்ளடக்கம், எழுதியவர், நேரம், செய்தி, அதற்கு முந்தைய கமிட் எது என்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. நகல் வேறொரு கமிட்டின் மேல் உட்காருவதால் அதற்குப் புதிய எண் வந்துவிடுகிறது. ஒரே ஆள், இரண்டு ஊரில் இரண்டு ரேஷன் கார்டு என்ற கதைதான். “7c1e9ab எந்தெந்தக் கிளையில் இருக்கிறது?” என்று `git branch --contains` கட்டளையால் கேட்டால், பதிலில் `main` வராது, திருத்தம் அங்கே இருந்தாலும் வராது. அதற்காகத்தான் மேலே அந்த `-x`. எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது என்று புதிய கமிட்டின் செய்தியில் ஒரு வரியை அது எழுதி வைக்கிறது.

செர்ரி-பிக் செய்யாமல் ஹாட்ஃபிக்ஸ் கிளையையே முழுதாக `main`-உடன் மெர்ஜ் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். வின்சென்ட் டிரீசன் 2010-இல் எழுதிப் பிரபலமான கிட்-ஃப்ளோ முறை அதைத்தான் சொல்கிறது: ஹாட்ஃபிக்ஸை இரண்டு பக்கமும் மெர்ஜ் செய். எண் மாறாது, தேடினால் கிடைக்கும். ஆனால் பதிப்பு எண்ணை 4.2.1 என்று மாற்றிய கமிட் போன்றவையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

இந்தச் சிக்கலை லினக்ஸ் கெர்னல்காரர்கள் வேறு பக்கத்திலிருந்து பிடித்தார்கள். வெளியான பதிப்புகளுக்குத் திருத்தம் மட்டும் தரும் ஸ்டேபிள் வரிசை அங்கே 2005 மார்ச்சில் 2.6.11.1 பதிப்போடு தொடங்கியது. கிட் பிறந்தது அடுத்த மாதம்தான். ஸ்டேபிள் வரிசைக்கு எழுதி வைத்த விதிகளில் முக்கியமானது: ஒரு திருத்தமோ அதற்குச் சமமான ஒன்றோ லைனஸ் டோர்வால்ட்ஸின் மையக் கிளையில் ஏற்கெனவே இருக்க வேண்டும். அங்கே நுழைந்த பிறகுதான் பழைய பதிப்புக்கு நகல். ஸ்டேபிள் கமிட்டுகளைத் திறந்தால், மையக் கிளையில் அதன் மூலக் கமிட்டின் எண் செய்தியிலேயே இருக்கும்.

திசையை மாற்றியதில்தான் சூட்சுமம். ஹாட்ஃபிக்ஸிலிருந்து மையத்துக்கு என்றால், மறந்துபோனாலும் இன்று யாருக்கும் வலிக்காது. பல வாரம் கழித்துத்தான் வலிக்கும். மையத்திலிருந்து ஹாட்ஃபிக்ஸுக்கு என்றால், மறந்த அன்றைக்கே பயணிகள் கத்துவார்கள். எது மறக்கப்படும் என்பது சொல்லாமலே தெரியும்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு என்று ஒன்று இருக்கிறது. `main`-இல் அந்தப் பகுதியே தலைகீழாக மாறியிருந்தால், அங்கே முதலில் சரிசெய்து சோதித்துவிட்டு வரப் பொழுது விடிந்துவிடும். அப்போது ஹாட்ஃபிக்ஸ் முதலில் போகத்தான் வேண்டும். அந்த நிலையில் புகாரை மூடாமல் வைத்திருப்பதும், 5.0 வெளியாவதற்கு முன் கணக்குப் பார்ப்பதும் கட்டாயம். கணக்குப் பார்க்க கிட்டிலேயே வழி உண்டு.

```
git cherry -v main hotfix/4.2.1
- 7c1e9ab Stop double refund
+ b20f4d8 Set version to 4.2.1
+ d90b3f2 Fix GST rounding
```

(திரையில் எண்கள் நாற்பது எழுத்து நீளத்துக்கு வரும், இங்கே சுருக்கியிருக்கிறது.) கழித்தல் குறி இருந்தால் அதே மாற்றம் `main`-இலும் உண்டு. கூட்டல் என்றால் இல்லை. கமிட் எண்ணை விட்டுவிட்டு, மாறிய வரிகளை வைத்தே இந்தக் கட்டளை ஒப்பிடுகிறது. பதிப்பு எண்ணுக்குக் கூட்டல் வந்தது சரிதான், அது மையத்துக்குப் போகத் தேவையில்லை. மூன்றாவது வரிதான் மாட்டியது: யாரோ அன்றிரவே சேர்த்த ஜி.எஸ்.டி. திருத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை.

கழித்தல் குறியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் முடியாது. வந்து சேர்ந்த திருத்தத்தை `main`-இல் யாராவது பிறகு ரிவர்ட் செய்திருந்தாலும் அதே கழித்தல்தான் வரும். இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. 5.0-வில் ரத்தான டிக்கெட்டின் நிலையை `CANCELLED` என்று வைக்காமல், பணம் போய்ச் சேரும்வரை `REFUND_PENDING` என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றம் வேறொரு கோப்பில். செர்ரி-பிக் எந்த மோதலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. இரண்டு வரியும் `main`-இல் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இரண்டாவது அழுத்தலின்போது நிலை `CANCELLED` ஆக இல்லாததால், பணம் மறுபடி போகிறது.

இதைப் பிடிக்க ஒரு சோதனைதான் வழி: ரத்துப் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, பணம் ஒரு முறைதான் போனதா என்று பார்க்கும் நிரல். திருத்தம் இருக்கும் அதே கமிட்டில் அது இருந்தால் செர்ரி-பிக்கோடு தானும் வந்துவிடும், `main`-இல் ஓடியதும் தோற்றுக் காட்டும். தனிக் கமிட்டில் இருந்தால், திருத்தம் வந்த பிறகும் அது பழைய கிளையிலேயே தங்கிவிட வாய்ப்புண்டு.

சோதனை தோற்றதும், `main`-இல் இரண்டு நிலைகளையும் பார்க்கும்படி அந்த வரியை மாற்றி அதே கமிட்டில் சேர்க்கிறார்கள். இப்போது மாறிய வரிகள் ஒன்றல்ல; `git cherry` அந்தக் கமிட்டுக்குக் கூட்டல் குறி காட்டத் தொடங்கும். அடுத்த மாதம் பட்டியலைப் பார்ப்பவர் அரண்டுபோய்த் தேடினால், `-x` எழுதி வைத்த வரி அப்போது அகப்படும்.

```
git log main --grep=7c1e9ab
```