முகம் கழுவிய பிறகும் பஞ்சில் அழுக்கா?

ஃபேஸ்வாஷ் போட்டு முகம் கழுவித் துடைத்தாயிற்று. அதன் பிறகு பஞ்சில் நான்கு சொட்டு டோனரை நனைத்து நெற்றி, மூக்கோரம், தாடை என்று ஒரு இழுப்பு இழுத்தால், வெள்ளைப் பஞ்சு பழுப்பாகிவிடுகிறது. அழகுசாதனக் கடையில் விற்பனைப் பெண் இதை நம் முகத்திலேயே செய்து காட்டி, “பாருங்க மேடம், கழுவின முகத்துல எவ்வளவு அழுக்கு!” என்பார். அதற்குப் பிறகு பாட்டிலை வாங்காமல் வெளியே வருவது கஷ்டம்தான்.

பஞ்சில் வந்தது எது என்று யாரும் கேட்பதில்லை. காலையில் போட்ட சன்ஸ்கிரீனின் மிச்சம், பவுடர், கொஞ்சம் எண்ணெய்ப் பசை, உதிரக் காத்திருந்த இறந்த செல்கள். இறந்த செல்கள் எப்போது துடைத்தாலும் வரும், அது அழுக்கில் சேராது. சன்ஸ்கிரீனோ மேக்கப்போ வந்தால், கழுவியது போதவில்லை என்று பொருள். தண்ணீருக்கு அசையாத சன்ஸ்கிரீன் போடுகிறவர்கள், ராத்திரி முதலில் ஒரு கிளென்சிங் ஆயிலாலோ கிளென்சிங் மில்க்காலோ அதை இளக்கி எடுத்துவிட்டு, பிறகு ஃபேஸ்வாஷ் போட்டால் போதும். பஞ்சு கிட்டத்தட்ட வெள்ளையாகவே திரும்பி வரும். கழுவாமல் விட்டதை எடுக்கத் தனியாக ஒரு பாட்டில் வேண்டியதில்லை.

டோனருக்கு ஒரு காலத்தில் நிஜமாகவே வேலை இருந்தது. அப்போது முகம் கழுவச் சோப்பு, மேக்கப்பை எடுக்கக் கோல்ட் கிரீம், இவ்வளவுதான். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவில் சுமார் 4.5 முதல் 5.5 வரை. சோப்போ காரம், அதன் பி.எச். 9, 10 என்று போகும். போதாக்குறைக்கு, உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் முகத்திலும் மெல்லிசாக ஒட்டியிருக்கும். இந்தப் படிவையும் கோல்ட் கிரீமின் பிசுக்கையும் துடைத்தெடுக்க வந்ததுதான் டோனர். 1968-இல் கிளினிக் நிறுவனம் சோப்பு, துடைக்கும் திரவம், மாய்ஸ்ச்சரைசர் என்று மூன்று படிகளாகத் தன் பொருள்களை விற்க ஆரம்பித்தது. டோனர் ‘இரண்டாவது படி’ என்ற எண்ணம் உலகம் முழுவதும் பதிந்ததில் அந்த விற்பனை முறைக்குப் பங்கு உண்டு.

பிறகு முகம் கழுவும் பொருளே மாறிவிட்டது. இன்றைய மென்மையான ஃபேஸ்வாஷ் பலவற்றில் சோப்பே கிடையாது. தோலின் பி.எச்.சுக்கு நெருக்கமாகச் செய்யப்பட்டவை அவை, உப்புத் தண்ணீரிலும் படிவு விடாது. நுரை பொங்கும் சில ஃபேஸ்வாஷ்களில் மட்டும் பொட்டாசியம் மிரிஸ்டேட், பொட்டாசியம் லாரேட் என்ற பெயர்களில் சோப்பு இன்னும் ஒளிந்திருக்கிறது. கழுவியதும் கன்னம் ‘கிறீச்’ என்று இறுகினால் அந்தப் பெயர்களைப் பாட்டிலின் பின்புறம் தேடிப் பாருங்கள். அப்படியே சோப்பால் கழுவினாலும், ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் தன் பி.எச்.சைத் தானே மீட்டுக்கொள்ளும். ‘பி.எச். பேலன்ஸ் செய்யும் டோனர்’ என்று எழுதியிருப்பது, தோல் சும்மாவே செய்துகொள்ளும் வேலைக்குத்தான்.

இனி ஆல்கஹால் டோனருக்கு வருவோம். லேபிளில் தண்ணீருக்கு அடுத்தபடியாகவே ‘ஆல்கஹால் டீநாட்’, ‘எஸ்.டி. ஆல்கஹால்’, ‘ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்’ என்று ஏதாவது இருந்தால் அது இந்த வகை. (சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை மெழுகு போன்றவை, கிரீமைக் குழைவாக்கத்தான் சேர்க்கிறார்கள்.) முகத்தில் பட்டதும் ஜில்லென்று இருக்கும், எண்ணெய்ப் பளபளப்பு உடனே போய்விடும். ஆல்கஹால் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதுதான் அந்த ஜில். கூடவே மெந்தால் சேர்த்திருந்தால், அது குளிரை உணரும் நரம்பைத் தூண்டி இன்னும் ஜிலுஜிலுக்க வைக்கும். துவாரம் மூடிக்கொண்டதால் வந்த குளிர்ச்சி இல்லை அது. தோல் துவாரத்துக்குத் திறந்து மூடத் தசையே கிடையாது. எரிச்சலில் ஓரம் லேசாக வீங்கி, கொஞ்ச நேரம் துவாரம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான்.

எண்ணெய் விஷயத்திலும் அப்படித்தான். மேலே இருப்பதைத்தான் ஆல்கஹால் கரைத்து எடுக்கும். உள்ளே எண்ணெய் சுரக்கும் சுரப்பிக்கு உத்தரவு ஹார்மோனிடமிருந்து வருகிறது, பஞ்சு அங்கே எட்டாது. மத்தியானத்துக்குள் நெற்றி பழையபடி மின்னும். ஆனால் எண்ணெயோடு சேர்த்து, தோல் செல்களுக்கு இடையே ஈரத்தைப் பிடித்துவைக்கும் கொழுப்பையும் ஆல்கஹால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது. எப்போதாவது ஒருமுறை என்றால் தோல் சரிசெய்துகொள்ளும். தினம் இரண்டு வேளை என்றால் சரிசெய்ய அவகாசம் கிடைக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி. எண்ணெய் வழியும் முகம், தாடையில் பரு. நாளுக்கு மூன்று முறை ஃபேஸ்வாஷ், ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் டோனர். தோல் மருத்துவர் ராத்திரி மட்டும் போடச் சொல்லி அடாபலீன் ஜெல் எழுதிக் கொடுத்தார். சில நாளிலேயே மூக்கோரமும் வாயோரமும் உரிந்தன. சாதாரண மாய்ஸ்ச்சரைசர் பட்டாலும் எரிந்தது. “மருந்து எனக்கு ஒத்துக்கலைம்மா” என்று ஜெல்லைத் தூக்கிப் போடப் பார்த்தாள். அம்மாதான் விடாமல் மறுபடி மருத்துவரிடம் கூட்டிப் போனார்.

“மூஞ்சில வேற என்னம்மா போடற?”

“வேற எதுவும் இல்ல டாக்டர். டோனர் மட்டும்தான்.”

அந்த ‘மட்டும்தான்’தான் விஷயம். டோனரை யாரும் ஒரு மருந்தாகவோ கிரீமாகவோ கணக்கில் எடுப்பதில்லை, முகம் கழுவுவதோடு சேர்த்துவிடுகிறார்கள். அடாபலீன் தனியாகவே முதல் சில வாரம் தோலைக் கொஞ்சம் உலர்த்தி உரிக்கும். அதனால்தான் ஆல்கஹால் கலந்த, தோலை இறுக்கும் திரவங்களைக் கூடவே போட வேண்டாம் என்று அந்த மருந்தோடு வரும் குறிப்பிலேயே எச்சரிக்கிறார்கள். மருத்துவர் டோனரை நிறுத்தினார், ஃபேஸ்வாஷை இரண்டு வேளையாக்கினார், எரிச்சல் அடங்கும் வரை ஜெல்லையும் நிறுத்திவைத்து மாய்ஸ்ச்சரைசர் மட்டும் போடச் சொன்னார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஜெல். இந்த முறை தோல் தாங்கிக்கொண்டது. எரிந்த இடங்களில் படிந்த கருமை மட்டும் லேசில் போகவில்லை, மாதங்கள் ஆயின. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இதுதான் பெரிய பிரச்சினை. சிவப்புத் தோலில் எரிச்சல் சிவந்துவிட்டுப் போகும், நம் தோலில் கறையாகத் தங்கிவிடும்.

ஹைட்ரேட்டிங் டோனர் இதற்கு நேரெதிர். ஜப்பானிலும் கொரியாவிலும் வெகுநாளாகப் புழங்கும் வகை. இது எதையும் துடைத்தெடுப்பதில்லை, கையாலேயே தட்டித் தட்டிப் போடுகிறார்கள். நல்லதுதான், கெடுதல் செய்யாது. ஆனால் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம்.

லேபிளைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. பொருள்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரிசையாக எழுத வேண்டும், 1 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை அதிகபட்சம் 1 சதவீதம்தான் சேர்க்கலாம் என்பது பல நாடுகளின் விதி. ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் வருபவை எல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். ஒரு டோனரில் ‘தண்ணீர், கிளிசரின், பியூட்டிலீன் கிளைக்கால், ஃபீனாக்ஸிஎத்தனால், சோடியம் ஹையலூரனேட், ரோஜாச் சாறு, வாசனை’ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் முகப்பில் பெரிதாகப் படம் போட்ட ரோஜா, கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஹையலூரனேட்டும் அங்கேதான், ஆனால் அது கொஞ்சம் இருந்தாலே வேலை செய்யும் பொருள், அதைக் குறை சொல்ல முடியாது. நிஜமாக ஈரம் பிடிப்பது முன்னால் நிற்கும் கிளிசரின். அதே கிளிசரினைத்தான் உங்கள் மாய்ஸ்ச்சரைசரின் லேபிளிலும் இரண்டாவது மூன்றாவது இடத்தில் பார்ப்பீர்கள். அங்கே கூடுதலாக, பிடித்த ஈரம் ஓடிவிடாமல் மேலே மூடும் எண்ணெய்ப் பொருளும் இருக்கும்.

அப்படியென்றால் மாய்ஸ்ச்சரைசர் போடுகிறவருக்கு இந்த டோனர் புதிதாக என்ன தருகிறது? முகம் ஈரமாக இருக்கும்போது கிரீம் போட்டால் நன்றாகப் பரவும், ஈரமும் தங்கும். டோனர் அந்த ஈரத்தைத் தருகிறது. கழுவிய முகத்தை முழுக்கத் துடைக்காமல் கொஞ்சம் ஈரத்தோடு விட்டாலும் அது கிடைத்துவிடும். டோனரை மட்டும் போட்டுக்கொண்டு ஏ.சி. அறையில் எட்டு மணி நேரம் உட்காருகிறவருக்கோ, மேலே மூட எதுவும் இல்லாததால் முகம் சீக்கிரம் இறுகும்.

இது யாருக்கு உதவும் என்றால், சென்னை, தூத்துக்குடி மாதிரிப் புழுக்கமான ஊரில் எண்ணெய்ச் சருமத்தோடு இருப்பவர்களுக்கு. எந்தக் கிரீமைப் போட்டாலும் வேர்த்துப் பிசுபிசுக்கிறது என்று மாய்ஸ்ச்சரைசரையே விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் கழுவியதும் இந்த டோனரைத் தடவி, அதன் மேலேயே சன்ஸ்கிரீன் போடலாம். இரண்டாவது படியாக இல்லாமல், மாய்ஸ்ச்சரைசரின் இடத்தில் இதை வைக்க வேண்டும்.

டோனர் என்ற பெயரில் விற்கும் இன்னொன்றும் இருக்கிறது. சாலிசிலிக் அமிலமோ கிளைக்காலிக் அமிலமோ கலந்தது. இது வேலை செய்யும் சரக்கு, பரு, கரும்புள்ளிக்குப் பலன் தரும். அதனாலேயே பஞ்சில் நனைத்து இரண்டு வேளையும் தேய்க்கிற பொருள் இல்லை. வாரம் இரண்டு மூன்று ராத்திரியில் ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் எலுமிச்சைச் சாறு பிழிந்து டோனர் செய்வது வேண்டவே வேண்டாம். அதன் பி.எச். 2-க்குப் பக்கம், அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் எரிச்சலும் கறையும்தான் மிச்சம். பன்னீர், வாசனை ஒத்துக்கொள்கிறவர்களுக்குப் பரவாயில்லை, பெரும்பாலும் தண்ணீர்தான்.

கையில் ஏற்கெனவே ஒரு டோனர் இருந்து, அதை விடலாமா என்று சந்தேகம் இருந்தால், பாதி முகத்தில் பரீட்சை செய்து பாருங்கள். ஃபேஸ்வாஷ், மாய்ஸ்ச்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றும் இரண்டு பக்கமும். டோனர் இடது பக்கம் மட்டும். மூன்று நான்கு வாரம் வேறு எதையும் மாற்றக் கூடாது. தினமும் கழுவிப் பத்து நிமிடம் கழித்து எந்தக் கன்னம் இறுகுகிறது, மாய்ஸ்ச்சரைசர் எந்தப் பக்கம் சுரீரென்கிறது, மூக்கோரம் எங்கே உரிகிறது என்று கவனியுங்கள். மாதக் கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, எந்தப் பக்கம் எது என்று சொல்லாமல் வீட்டில் யாரிடமாவது காட்டி, வித்தியாசம் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், பாட்டில் காலியானதும் அடுத்தது வாங்க வேண்டாம்.